கம்பளியைப் பூந்திக்கொட்டையில் துவைத்தால் கழுத்தோர எண்ணெய்க் கறை போகுமா?

தக்கலை மருமகள்

அயர்லாந்தில் செவிலியராக இருக்கும் என் நாத்தனார் போன முறை ஊருக்கு வந்தபோது அத்தைக்கு ஒரு கம்பளி மேற்சட்டை வாங்கி வந்தார். மெரினோ கம்பளி, பாலேட்டு நிறம், முன்பக்கம் பொத்தான் வைத்தது. நம் ஊரில் கம்பளிக்கு என்ன வேலை என்று நாங்கள் சிரித்தோம். ஆனால் மார்கழி அதிகாலையில் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அத்தை அதைத்தான் போட்டுக்கொள்கிறார். இப்போது அதைத் துவைத்தாக வேண்டும்.

கறை இரண்டு. அத்தை தலைக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாக வைப்பார், அதனால் கழுத்துப் பட்டை முழுக்க மங்கிப் பிசுக்காக இருக்கிறது. வலது கை விளிம்பில் மீன் குழம்புச் சொட்டு ஒன்று விழுந்து மஞ்சளாகப் படிந்துவிட்டது. சலவை இயந்திரத்தில் போட எனக்குத் தைரியம் இல்லை. "பூந்திக்கொட்டை இருக்கும்போது எதற்கு யோசனை, பட்டுக்கு ஆகிறது கம்பளிக்கு ஆகாதா" என்கிறார் அத்தை. வடசேரிச் சந்தையில் வாங்கிய கொட்டை வீட்டில் இருக்கிறது. எவ்வளவு போட வேண்டும், எப்படித் துவைக்க வேண்டும், இந்த இரண்டு கறையும் அதில் போகுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தோவாளைத் தென்றல்

தாராளமாகத் துவைக்கலாம் சகோதரி. எங்கள் ஆச்சி காலத்தில் பட்டு, கம்பளி, நேரியல் எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். இயற்கைப் பொருள் என்பதால் எவ்வளவு போட்டாலும் துணிக்குக் கேடு கிடையாது. நல்ல கெட்டியாகக் காய்ச்சி, அந்த நீரிலேயே இரவு முழுக்க ஊறவிடுங்கள். எண்ணெய், மஞ்சள், எதுவாக இருந்தாலும் காலையில் தானாகக் கழன்று நிற்கும். ரசாயனத் தூள் கம்பளியை அரித்துவிடும், அதன் பக்கமே போகாதீர்கள்.

வேப்பமூடு அண்ணாச்சி

நாகர்கோவிலில் நெடுங்காலம் சலவைக் கடை வைத்திருந்தவன் நான். இப்போது கடையை மகன் பார்க்கிறான். தோவாளைத் தென்றல் சொன்னதில் பாதி சரி. பூந்திக்கொட்டை கம்பளிக்கு ஏற்றது என்பதும் தூள் ஆகாது என்பதும் சரி. இரவு முழுக்க ஊறவைப்பது கூடவே கூடாது. எவ்வளவு போட்டாலும் கேடில்லை என்பதும் தவறு.

காய்ச்சிய நீரைப் பாருங்கள், கட்டன் சாயா நிறத்தில் இருக்கும். பாலேட்டு நிறக் கம்பளியைக் கெட்டிச் சாற்றில் இரவெல்லாம் போட்டுவைத்தால் அந்தப் பழுப்பை அது குடித்துக்கொள்ளும். கறுப்பு, மெரூன் என்றால் தெரியாது, வெள்ளையிலும் பாலேட்டிலும் தெரியும். அதோடு நனைந்த கம்பளி பலம் குறைந்து தொங்கும். நீரில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதற்குச் சுமைதான். பத்து நிமிடம் போதும்.

அளவு: கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்து எறியுங்கள். நுரை தருவது மேல்தோல் மட்டுமே. விதை நீக்கிய தோல் ஒரு கைப்பிடி, ஏறக்குறைய 30 கிராம். அதை ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவையுங்கள் (தோலைத்தான், சட்டையை அல்ல). காலையில் சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து, பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். வடிகட்டுவதில் சோம்பல் வேண்டாம். தோல் துணுக்கு கம்பளி இழைக்குள் போய்விட்டால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகு ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டியிருக்கும்.

அந்தச் சாறு ஒரு லிட்டரும் ஐந்து லிட்டர் நீருக்கு. ஒரு மேற்சட்டைக்கு இது தாராளம்.

கறையைப் பற்றி: வியர்வை, தூசி, நாற்றம், அண்மையில் பட்ட லேசான எண்ணெய் போகும். நீங்கள் சொல்கிற கழுத்துப் பட்டை ஒரு பருவம் முழுக்க ஏறிய எண்ணெய். அது பூந்திக்கொட்டைக்கு மிஞ்சிய வேலை. பாதி போகும், மீதி நிற்கும். மஞ்சள் போகாது.

நெய்யூர் மாமி

பூந்திக்கொட்டையில் தேங்காய் எண்ணெய் போகாது என்று யார் சொன்னது? நான் வாரந்தோறும் அதில்தான் தலை குளிக்கிறேன், எண்ணெய் சுத்தமாகப் போகிறது. சீயக்காயும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிளகாய் பட்ட மாதிரி எரியும்.

வேப்பமூடு அண்ணாச்சி

மாமி, தலையில் இருப்பது முந்தின நாள் எண்ணெய். கையால் கசக்கித் தேய்க்கிறீர்கள், சொம்பு சொம்பாக நீர் ஊற்றுகிறீர்கள். கம்பளிச் சட்டையை அப்படிக் கசக்க முடியாதே. தேய்க்காமல் எண்ணெயை எடுக்க வேண்டும் என்பதுதான் இங்கே சிக்கல். சீயக்காயைச் சேர்த்துவிடாதீர்கள், தூளும் கறையும் இன்னும் கூடும்.

முன்னாள் ஜவான், திருவட்டாறு

என் கதையையும் கேளுங்கள். பட்டாளத்தில் இருந்தபோது கொடுத்த கம்பளி மேற்சட்டை ஒன்றை ஓய்வுபெற்று வந்த பிறகும் பத்திரமாக வைத்திருந்தேன். மூணாறு போய் வந்ததும் வீட்டில் அதை மற்றத் துணிகளோடு இயந்திரத்தில் சுடுநீர் வைத்துப் போட்டுவிட்டார்கள். வெளியே வந்தது என் பேரனுக்குச் சரியாக இருந்தது. தொட்டால் பலகை மாதிரி, பின்னலே கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் அந்தத் தூள் செய்த வேலை. பூந்திக்கொட்டையில் போட்டிருந்தால் தப்பித்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

வேப்பமூடு அண்ணாச்சி

தப்பித்திருக்காது ஐயா. அதே சுடுநீர், அதே சுழற்சியில் பூந்திக்கொட்டைச் சாறு ஊற்றியிருந்தாலும் பேரனுக்குத்தான் சரியாக இருந்திருக்கும்.

கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக உண்டு. நனைந்து சூடாகி அலைக்கழியும்போது இழைகள் ஒரே பக்கமாக நகர்ந்து, அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு விடாது. அதனால்தான் சுருங்கித் தடித்துப் பலகையாகிறது. இதற்குச் சூடும் ஆட்டமும் முதற்காரணம். தூளில் இருக்கும் காரம் செதிலை விரித்துக் கொடுத்து வேலையை வேகப்படுத்தும், அதுவும் உண்மை. ஆனால் காரத்தை மட்டும் எடுத்துவிட்டு ஆட்டத்தை விட்டுவைத்தால் சட்டை பிழைக்காது. பூந்திக்கொட்டையை நம்பிச் சட்டையைக் கல்லில் குமுக்கிய ஆட்களை நான் கடையில் பார்த்திருக்கிறேன்.

சில சட்டைகளில் இயந்திரத்தில் துவைக்கலாம் என்று குறி இருக்கும். அவற்றின் செதிலை ஆலையிலேயே மழித்தோ பூச்சுக் கொடுத்தோ விடுவார்கள். மருமகள், உங்கள் சட்டையின் உள்பக்கச் சீட்டைப் பாருங்கள். தொட்டியில் கை வைத்த மாதிரிப் படமா, தொட்டியின் மேல் பெருக்கல் குறியா?

தக்கலை மருமகள்

தொட்டியில் கை இருக்கிறது, பக்கத்தில் 30 என்று போட்டிருக்கிறது. நூறு சதவீதம் மெரினோ.

வேப்பமூடு அண்ணாச்சி

அப்படியானால் கைத்துவைப்பு, நீர் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நம் ஊரில் தொட்டி நீரே ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும், காய்ச்ச வேண்டிய தேவையே இல்லை. மதியம் மாடித் தொட்டியிலிருந்து பிடித்தால் அதைவிடச் சூடாக வரும், அதனால் காலையில் பிடித்து வையுங்கள். முக்கியமானது, துவைக்கிற நீரும் அலசுகிற நீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

மார்த்தாண்டம் டீச்சர்

வேதியியல் நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். எந்தச் சோப்பு கம்பளிக்கு ஆகும், எது ஆகாது என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம், அஞ்சறைப் பெட்டி போதும். மூன்று கண்ணாடித் தம்ளரில் சிறிது நீர் எடுத்து ஒன்றில் சலவைத் தூள், ஒன்றில் பூந்திக்கொட்டைச் சாறு, ஒன்றில் கம்பளிக்கென்று விற்கும் திரவம் கரையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். தூள் கரைத்த நீர் உடனே செம்பழுப்பாக மாறும். மற்ற இரண்டும் மஞ்சளாகவே நிற்கும். வெள்ளை வேட்டியில் குழம்புக் கறை பட்ட இடத்தில் சோப்பு போட்டதும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். சிவந்தால் காரம் என்று பொருள். கம்பளியும் பட்டும் புரதம், காரம் இரண்டையும் கெடுக்கும். பூந்திக்கொட்டைச் சாறு லேசான அமிலம், அதனால்தான் அவற்றுக்கு ஒத்துப்போகிறது.

இந்தச் சோதனை காரத்தை மட்டுமே காட்டும். இப்போதைய தூளிலும் திரவத்திலும் என்சைம் சேர்க்கிறார்கள். அவற்றில் புரோட்டியேஸ் என்பது இரத்தம், முட்டை, பால் கறையில் இருக்கும் புரதத்தைத் தின்பதற்காகப் போடுவது. அதற்குக் கறைப் புரதம், கம்பளிப் புரதம் என்ற வேறுபாடு தெரியாது. ஒரு துவைப்பில் ஒன்றும் தெரியாது. திரும்பத் திரும்பத் துவைத்தால் கம்பளி மெலிந்து முழங்கையில் ஓட்டை விழும், பட்டு மினுமினுப்பை இழக்கும். திரவமாக இருந்து மஞ்சளைச் சிவக்க வைக்காவிட்டாலும் உள்ளே என்சைம் இருக்கலாம். எனவே பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்தே ஆக வேண்டும்.

கொட்டாரம் சந்தேகி

அப்படியானால் கம்பளிக்கென்று என்சைம் இல்லாமல், காரம் இல்லாமல் திரவம் கடையில் கிடைக்கும்போது எதற்கு இந்த ஊறவைப்பு, கொதிப்பு, பிழிதல்? ஒரு மூடி ஊற்றினால் வேலை முடிந்தது. எண்ணெயும் நன்றாகப் போகும், பழுப்பும் ஏறாது. ஆச்சி காலத்தில் வேறு வழி இல்லை, அதனால் செய்தார்கள். இப்போதும் செய்வது வீம்பு.

தோவாளைத் தென்றல்

வீம்பு இல்லை நண்பரே. அந்தத் திரவத்தின் வாசனை எனக்கு மூச்சு முட்டும். பூந்திக்கொட்டையில் துவைத்த பட்டைப் பீரோவில் வைத்தால் எந்த நெடியும் வராது. பூச்சியும் அண்டாது.

கொட்டாரம் சந்தேகி

பூச்சி அண்டாது என்பதற்கு என்ன ஆதாரம்?

தோவாளைத் தென்றல்

எங்கள் வீட்டுப் பீரோவே ஆதாரம். இதுவரை ஒரு பட்டிலும் ஓட்டை இல்லை.

வேப்பமூடு அண்ணாச்சி

பீரோவில் கற்பூரம் வைத்திருப்பீர்கள், அதற்கும் பங்கு கொடுங்கள். நான் பார்த்த வரையில் பூச்சி முதலில் தேடுவது அழுக்கான கம்பளியைத்தான். வியர்வையும் குழம்பும் பட்ட இடத்தில்தான் முதல் ஓட்டை விழும். எதில் துவைத்தாலும் சுத்தமாக, நன்றாகக் காயவைத்து மூடி வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பூந்திக்கொட்டைக்கென்று தனியாகப் பூச்சி விரட்டும் குணம் துணியில் தங்குகிறதா என்பதில் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கொட்டாரத்துக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான். என் கடையில் இரண்டும் உண்டு. சாயம் விடுமோ என்று பயப்படுகிற அடர்நிறப் பட்டு, பழைய சால்வை, வாசனை ஒவ்வாத ஆட்களின் துணி, இவை பூந்திக்கொட்டைக்கு. கம்பளிக்கும் பட்டுக்கும் ஏற்றும் சாயங்களில் பல, அமில நீரில் ஏற்றியவை. காரம் பட்டால் கழன்று ஓடும், லேசான அமிலத்தில் அடங்கி இருக்கும். அதனால் அங்கே பூந்திக்கொட்டை ஒரு படி மேல். எண்ணெய்ப் பிசுக்கு, வெள்ளைத் துணி, அவசர வேலை என்றால் திரவம். ஒன்று இருப்பதால் மற்றொன்று எதற்கு என்று நான் கேட்பதில்லை.

குளச்சல் காற்று

எங்கள் பகுதிக் கிணற்று நீர் உவர். சோப்பு போட்டால் நுரை வராது, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து துணியில் ஒட்டும். பூந்திக்கொட்டை அந்த நீரிலும் நுரைக்கிறது, திரியவில்லை. இதை யாரும் சொல்லவில்லையே?

மார்த்தாண்டம் டீச்சர்

நல்ல விஷயம். சோப்பு நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரிகிறது. பூந்திக்கொட்டையின் நுரைப்பொருள் அப்படித் திரிவதில்லை. கடின நீர்க்காரர்களுக்கு அது சோப்புக்கட்டியை வென்றுவிடும். இப்போதைய திரவங்களும் திரியாது, ஆகவே அந்தப் போட்டி சோப்புக்கட்டியோடு மட்டும்தான்.

கடைசி அலசலுக்கு மட்டும் உவர்நீர் வேண்டாம். உப்பு கம்பளியில் தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நமக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலை அதில் முடித்துக்கொள்ளுங்கள்.

குலசேகரம் ரப்பர்த்தோட்டம்

எங்கள் பறம்பில் பூந்திமரம் நிற்கிறது. காய் மூன்று மூன்றாக ஒட்டியிருக்கும். இணையத்தில் விற்பது உருண்டையாக ஒற்றையாக வருகிறது, இமயமலைப் பக்கத்துச் சரக்கு. இரண்டில் எது நல்லது? பேரப்பிள்ளைகள் தோலைத் துணிப்பையில் கட்டிச் சலவை இயந்திரத்தில் அப்படியே போடலாம் என்கிறார்கள். போட்டுப் பார்த்தோம், துணி சுத்தமான மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

வேப்பமூடு அண்ணாச்சி

எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். சரக்குக்குச் சரக்கு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். வடிகட்டிய சாறு நாலு சொட்டை ஒரு பாட்டில் நீரில் விட்டுக் குலுக்குங்கள். நுரை எழுந்து கொஞ்ச நேரம் நின்றால் சரக்கு நல்லது, உடனே அடங்கினால் பழசு. தோல் பிசுபிசுப்பாக இருப்பதும் ஓர் அடையாளம். பொடிப்பொடியாக உதிர்கிற தோலை வாங்காதீர்கள்.

பையில் கட்டிப் போடுவது: பச்சைத் தண்ணீரில் தோலிலிருந்து சாறு இறங்க நேரம் பிடிக்கும். நனைவதற்குள் இயந்திரம் ஓடி முடிந்துவிடும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வெறும் நீர் செய்த வேலை. லேசான அழுக்கை வெறும் நீரே நன்றாக எடுக்கும், அதனால்தான் உங்களுக்கு அப்படியும் இப்படியும் தெரிகிறது. காய்ச்சாமல் பூந்திக்கொட்டையிடம் வேலை வாங்க முடியாது.

தக்கலை மருமகள்

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் என் சட்டைக்கு என்ன வரிசையில் செய்வது? கழுத்துக்கு மட்டும் தனியாக ஏதாவது செய்துவிட்டு, பிறகு முழுச் சட்டையையும் பூந்திக்கொட்டையில் போடலாமா?

வேப்பமூடு அண்ணாச்சி

அதுதான் வழி. நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் உலர்ந்த சட்டையை ஒரு பெரிய பழுப்புக் காகிதத்தின் மேல் விரித்து, பென்சிலால் சுற்றி வரைந்து வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். துவைத்த பிறகு இந்தக் கோட்டுக்குத்தான் சட்டையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இரவில் கழுத்துப் பட்டையின் இரண்டு பக்கமும் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி, லேசாக அழுத்தி, அப்படியே விட்டுவிடுங்கள். எண்ணெயின் ஒரு பகுதியைப் பவுடர் குடிக்கும். காலையில் உதறி, மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள். பவுடர் கட்டிகட்டியாகத் திரண்டிருந்தால் எண்ணெய் வந்திருக்கிறது என்று அறியலாம்.

அடுத்து, கம்பளித் திரவம் இருந்தால் இரண்டு சொட்டு. இல்லாவிட்டால் கையால் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, அதையும் டீச்சர் சொன்ன மஞ்சள் சோதனையில் தேறிய பிறகே. இரண்டு கரண்டி நீரில் கலக்கி, நனைத்த கழுத்தில் விட்டு, விரல் நுனியால் அழுத்தி எடுங்கள், அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது. தேய்த்த இடம் பஞ்சாகத் திரண்டு பட்டை போட்ட மாதிரி தனியாகத் தெரியும், அதை எந்தச் சோப்பாலும் சரிசெய்ய முடியாது. பிறகு அந்த இடத்தை மட்டும் அலசிவிடுங்கள்.

இப்போது ஐந்து லிட்டர் நீரில் பூந்திக்கொட்டைச் சாற்றைக் கலக்கிவிட்டு, உள்பக்கம் வெளியே இருக்கத் திருப்பிய சட்டையை முக்குங்கள். நீருக்குள் வைத்தே உள்ளங்கையால் அழுத்தி விடுங்கள். பத்து நிமிடத்துக்குள் நுரை செத்து நீர் கலங்கினால் சாறு தீர்ந்துவிட்டது, புதிதாகக் கலக்க வேண்டும். தூக்கும்போது தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள். நனைந்த கம்பளியின் கனத்தில் கை முழங்கால் வரை நீளும். இரண்டு கையையும் அடியில் கொடுத்து மொத்தமாக ஏந்தி எடுங்கள். அதே சூட்டு நீரில் இரண்டு மூன்று முறை, நீர் தெளியும்வரை அலசுங்கள்.

முறுக்கிப் பிழியாதீர்கள். பெரிய பூந்துவாலையில் விரித்துச் சுருட்டி, சுருட்டை அழுத்தினால் நீரைத் துவாலை வாங்கிக்கொள்ளும். பிறகு காகிதத்தில் வரைந்த கோட்டுக்கு இழுத்துப் பொருத்தி அளவு பார்த்துவிட்டு, நிழலில் கிடையாகக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட வேண்டாம்.

நெய்யூர் மாமி

கிடையாக என்றால் எங்கே? எங்கள் வீட்டில் ஓலைப்பாயில் விரித்தேன், அடிப்பக்கம் இரண்டு நாளாகியும் காயாமல் முடை நாற்றம் வந்துவிட்டது. கம்பளி இல்லை, நல்ல கசவு நேரியல்தான். ஆனாலும் சொல்கிறேன்.

முன்னாள் ஜவான், திருவட்டாறு

நார்க்கட்டிலில் போடுங்கள். மேலே ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் சட்டை. அடியிலும் காற்று போகும். மின்விசிறியை ஓடவிட்டால் மழைக் காலத்திலும் காயும். பாதி காய்ந்ததும் ஒரு முறை புரட்டிப் போட வேண்டும்.

வேப்பமூடு அண்ணாச்சி

ஜவான் சொன்னது நல்ல வழி. மாமி, நேரியலுக்கு வந்தால், பருத்தியைக் கொடியிலேயே போடுங்கள், அதற்கு இந்தப் பத்தியம் எதுவும் வேண்டாம். வெள்ளை நேரியலைப் பூந்திக்கொட்டையில் போடாமல் இருப்பதும் நல்லது. இப்போதைய தூளில் வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள் ஒன்று சேர்க்கிறார்கள். பூந்திக்கொட்டையில் அது கிடையாது. தூளுக்குப் பழகிய வெள்ளை, பூந்திக்கொட்டைக்கு மாறியதும் மெல்ல மெல்ல மங்கித் தெரியும்.

கொட்டாரம் சந்தேகி

மஞ்சள் கறையைப் பற்றி யாரும் முடிவாகச் சொல்லவில்லை. வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சை ஒரு சொட்டு தொட்டுவைத்தால்?

மார்த்தாண்டம் டீச்சர்

ஐயோ, வேண்டவே வேண்டாம்! அந்தக் குளோரின் திரவம் கம்பளியைக் கரைத்துவிடும். ஒரு துண்டு கம்பளி நூலை அதில் போட்டுப் பாருங்கள், சற்று நேரத்தில் நூல் இருந்த இடம் தெரியாது. கறையோடு கை விளிம்பும் போய்விடும்.

மஞ்சளின் நிறப்பொருளுக்கு வெயில்தான் பகை. பூந்திக்கொட்டையோ திரவமோ குழம்பின் எண்ணெயையும் புளியையும் எடுக்கும், மஞ்சள் நிழல் மிஞ்சும். அது சிவக்காமல் மஞ்சளாகவே இருப்பதைப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ண வேண்டாம். பிறகு அந்த விளிம்பை மட்டும் காலை வெயிலில் காட்டுங்கள், மற்ற இடத்தைத் துணியால் மூடிவிடுங்கள். வெயிலை நீட்டித்தால் கம்பளியே மஞ்சளிக்கும். எனவே அவ்வப்போது எடுத்துப் பார்த்து, கறை மங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

குளச்சல் காற்று

இன்னொன்று. துவைத்த நீரைக் குளத்தில் கொட்டாதீர்கள். பூந்திக்கொட்டை நீர் மீனுக்கு விஷம், செவுளைக் கெடுக்கும். அந்தக் காலத்தில் இதை இடித்துக் கலக்கி மீன் பிடித்தவர்களும் உண்டு. இயற்கைப் பொருள் என்று சொல்லிக் குளத்தங்கரையில் உட்கார்ந்து துவைக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வாழை மூட்டிலோ தென்னை மூட்டிலோ ஊற்றுங்கள்.

தோவாளைத் தென்றல்

இது எனக்குப் புதிய செய்தி. எங்கள் தெருவுக்குப் பின்னால் குளம்தான். இனிமேல் வாழைக்குத்தான் ஊற்ற வேண்டும்.

தக்கலை மருமகள்

துவைத்தாயிற்று. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மஞ்சள் சோதனையில் வீட்டில் இருந்த தூள் உடனே செம்பழுப்பானது. பாத்திரம் கழுவும் திரவமும் பூந்திக்கொட்டைச் சாறும் மஞ்சளாகவே நின்றன. கழுத்தில் தூவிய பவுடர் காலையில் மெழுகு மாதிரி உருண்டை உருண்டையாக வந்தது. சட்டையின் இடது பக்கக் கழுத்தில் மட்டும் திரவம் வைத்தேன். வலது பக்கத்தைப் பவுடரோடு நிறுத்தி, பூந்திக்கொட்டைக்கு விட்டேன். அத்தைக்கும் எனக்கும் ஒரு வழக்கு இருந்தது, அதனால்தான்.

காய்ந்த பிறகு இடது பக்கம் புதிது போல் இருக்கிறது. வலது பக்கம் வெளிச்சத்தில் பிடித்தால் மங்கலான ஒரு வளையம் தெரிகிறது, விரலால் தொட்டால் லேசாக வழவழக்கிறது. மற்றபடி சட்டை முழுவதும் மிருதுவாக இருக்கிறது, மார்கழி வியர்வை நாற்றம் சுத்தமாக இல்லை. காகிதக் கோட்டோடு பொருத்தினேன், அளவு மாறவில்லை. நிறம் சற்றே பழுப்பாகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம், அத்தை இல்லவே இல்லை என்கிறார். வெயில் காட்டிய கை விளிம்பில் மஞ்சள் பெரும்பாலும் போய்விட்டது.

"வலது பக்கமும் இன்னொரு முறை பூந்திக்கொட்டையில் போட்டால் போய்விடும்" என்பது அத்தையின் வாதம். நான் திரவம் வைக்கப் போகிறேன்.

வேப்பமூடு அண்ணாச்சி

திரவமே வையுங்கள். நிறத்தைப் பற்றி: பகல் வெளிச்சத்தில், உள்பக்கச் சீட்டுக்கு அடியில் மடிந்திருக்கும் இடத்தோடு ஒப்பிடாதீர்கள், அங்கேயும் சாறு போயிருக்கும். உதிரிப் பொத்தானோடு கொஞ்சம் கம்பளி நூல் கொடுத்திருப்பார்களே, துவைக்காத அந்த நூலை மேலே வைத்துப் பாருங்கள். அதில் வேறுபாடு தெரிந்தால் அடுத்த முறை சாற்றைப் பாதியாக்கி, முக்கும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

மீந்த சாறு இருந்தால் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் புளித்து நாறும், மேலே ஆடை கட்டும். புளித்ததைத் துணிக்குப் பயன்படுத்த வேண்டாம், நாற்றம் கம்பளியில் ஏறிக்கொள்ளும்.

தக்கலை மருமகள்

நூலை வைத்துப் பார்த்தேன் அண்ணாச்சி. எனக்குத் தெரிகிறது, அத்தைக்குத் தெரியவில்லை, என் கணவர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்.

நெய்யூர் மாமி

அந்த மீந்த சாற்றைத் தலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அத்தையிடம். கண்ணை மட்டும் மூடிக்கொள்ளட்டும்.

குலசேகரம் ரப்பர்த்தோட்டம்

கசவுப் பட்டைப் பற்றி யாராவது எழுதுவீர்களா? மகள் கல்யாணப் புடவையில் வெள்ளிச் சரிகை கறுத்துக் கிடக்கிறது. தட்டான்கள் நகைக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள், புடவைச் சரிகைக்கும் ஆகுமா?

வேப்பமூடு அண்ணாச்சி

அசல் வெள்ளிச் சரிகையா, பிளாஸ்டிக் சரிகையா என்று முதலில் தெரிய வேண்டும். ஓரத்தில் தொங்கும் ஓர் இழையை எடுத்துத் தீயில் காட்டுங்கள். உருகிச் சுருண்டால் பிளாஸ்டிக், அப்படியானால் கறுப்புக்கு வேறு காரணம். உருகாமல் உலோகக் கம்பி மிஞ்சினால் புடவையைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், பார்க்காமல் சொல்ல மாட்டேன்.